பதினான்காம் கேள்விக்கு முப்பத்தொரு முட்டை

1987ஆம் வருஷம் மே மாதம், கத்திரி வெயில் மண்டையைப் பிளந்த ஒரு வாரத்தில், விழுப்புரத்துக் கல்லூரியொன்றில் பொருளாதாரம் நடத்திக்கொண்டிருந்த கெங்கம்மாளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம் ஒன்று பிடித்துக்கொண்டது. அவளுக்கு அப்போது முப்பத்தைந்து வயது. சந்தோஷத்துக்குக் காரணம் நகையோ பதவி உயர்வோ இல்லை. தான் போட்ட ஒரு விடைக்குறிப்பு தப்பு என்று அவளுக்கே தெரிந்துபோனதுதான் காரணம். இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அவளோடு ஒரே வாடகை வீட்டில் குடியிருந்த, வரலாறு நடத்தும் அமல்ராணிகூட முதலில் நம்பவில்லை. வெயிலில் ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தாள்.

கெங்கம்மாள் பனமலைப் பக்கத்துக்காரி. ஏரிப் பாசனத்தில் நான்கு ஏக்கர், மேட்டில் இரண்டு ஏக்கர் மல்லாட்டைக் கொல்லை, நிலக்கடலையைத்தான் அந்தப் பக்கம் அப்படிச் சொல்வார்கள். அப்பாவும் அம்மாவும் போனபிறகு அண்ணன் முருகையன்தான் பயிர் பார்த்தான். எம்.ஏ. படிக்கச் சென்னைக்குப் போனபோது அவளுடைய பெயரைக் கேட்டு விடுதிப் பெண்கள் வாய்க்குள் சிரித்தார்கள். முதல் பருவத்தில் அவள் வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்தபிறகு அந்தச் சிரிப்பு நின்றது. விழுப்புரத்தில் வேலைக்குச் சேர்ந்து பத்து வருஷத்தில் அவளுக்கு வேறொரு பெயர் வந்திருந்தது. "சிவப்புப் பென்சில்" என்றால் மாணவர்களுக்கெல்லாம் தெரியும். அரை மார்க்குக்கு அரை மணி நேரம் யோசிப்பாள். யோசித்துவிட்டுப் போடமாட்டாள்.

அந்த வருஷம் தபால்வழி எம்.ஏ. மாணவர்களின் விடைத்தாள்களை விழுப்புரத்திலேயே வைத்துத் திருத்தினார்கள். கல்லூரியின் பெரிய கூடத்தில் நீள மேசைகள், மேசைக்கு இரண்டு பேர், மேலே கிறீச்சிடும் நான்கு மின்விசிறி. தலைமைத் தேர்வாளர் பேராசிரியர் சவுரிராயன். ஓய்வுபெற இரண்டு வருஷமே பாக்கி வைத்திருந்த மனிதர். எந்தத் தகராறும் இல்லாமல் அந்த இரண்டு வருஷத்தையும் கடத்திவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. பேரினப் பொருளியல் தாளில் பதினான்காம் கேள்விக்கு விடைக்குறிப்பு எழுத ஆள் தேடியபோது அவர் கெங்கம்மாளைத்தான் கூப்பிட்டார். கேள்வி இதுதான்: ஒரு சிறிய நாடு, வெளிநாட்டு வர்த்தகத்துக்குத் திறந்துவிட்ட நாடு, அதன் நாணயத்தின் விலையை அரசாங்கம் நிர்ணயிக்காமல் சந்தையில் மிதக்கவிட்டிருக்கிறது. அங்கே அரசாங்கம் செலவைக் கூட்டினால் உற்பத்திக்கும் நாணய மதிப்புக்கும் என்ன ஆகும்? இருபது மதிப்பெண்.

கெங்கம்மாளுக்கு இந்தக் கேள்வி என்றால் உயிர். சென்னை நூலகத்தில் அந்த விடையை முதன்முதலாகப் படித்த நாளில் அவள் மதியச் சாப்பாட்டையே மறந்துவிட்டாள். அரசாங்கம் ரோடு போடுகிறது, அணை கட்டுகிறது, அதற்குக் கடன் வாங்குகிறது. ஆகவே உள்ளூரில் வட்டி ஏறப் பார்க்கிறது. உலக வட்டியைவிட இங்கே கொஞ்சம் அதிகம் கிடைக்கிறது என்றதும் வெளிநாட்டுப் பணம் ஓடிவருகிறது. வருகிறவன் நம் நாணயத்தை வாங்கித்தானே இங்கே போட வேண்டும்? ஆகவே நம் நாணயத்தின் விலை ஏறுகிறது. நாணயம் ஏறியதும் வெளிநாட்டுக்காரனுக்கு நம் சரக்கு விலை கூடிப்போகிறது, அவன் வேறு கடைக்குப் போய்விடுகிறான். அவன் சரக்கோ நமக்கு மலிவாகிறது, நாம் அதை வாங்குகிறோம். ரோடு போட்டதில் எவ்வளவு வேலை கூடியதோ, ஏற்றுமதி குறைந்ததிலும் இறக்குமதி கூடியதிலும் அவ்வளவும் போய்விடுகிறது. அச்சடித்த பணத்தின் அளவு மாறவில்லை, வட்டியும் உலக வட்டிக்கே திரும்பி வந்துவிட்டது. அப்புறம் அந்தப் பணம் தாங்கக்கூடிய உற்பத்தியும் பழைய உற்பத்திதான். கோடி கோடியாகச் செலவழித்தும் ஒரு படி மல்லாட்டைகூட மொத்தத்தில் கூடாது. நாணயம் மட்டும் உயர்ந்து நிற்கும். விடைக்குறிப்பில் இதை ஆறு படிகளாக எழுதி, ஒவ்வொரு படிக்கும் மதிப்பெண் பிரித்து, அடியில் கோடு போட்டுக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள்.

சனிக்கிழமை காலை அவளுடைய மேசைக்கு ஒரு கட்டு வந்தது. முதல் தாளைப் பிரித்தாள். பதினான்காம் கேள்வி: "உற்பத்தி உயரும், நாணய மதிப்பு குறையும்." இரண்டு பதிலும் அவளுடைய குறிப்புக்கு மாறு. முட்டை போட்டாள். இரண்டாவது தாளிலும் அதே பதில், அதே வரிசை. மூன்றாவதிலும். கட்டு முடியும்போது முப்பத்தொரு முட்டை போட்டிருந்தாள். எல்லோரும் ஒரே உதாரணத்தை வேறு எழுதியிருந்தார்கள்: ரோட்டு வேலைக்குப் போனவன் கூலி வாங்கி டிரான்சிஸ்டர் வாங்குகிறான். இது கூட்டாகக் காப்பியடித்த கேஸ் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, இந்தத் தேர்வு மையத்தை விசாரிக்க வேண்டும் என்று நான்கு வரி எழுதி, சவுரிராயனிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். காப்பி என்று முடிவானால் முப்பத்தொரு பேரும் இரண்டு வருஷம் பரீட்சை எழுத முடியாது. சவுரிராயன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அவளுடைய குறிப்பைச் சத்தமாகவே வாசித்துவிட்டார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், தன் சத்தம் தனக்கே தெரியாது.

மூன்று மேசை தள்ளி ஒருவர் எழுந்தார். திண்டிவனத்துக் கல்லூரி விரிவுரையாளர் அப்பாதுரை. உயரமான, ஒல்லியான ஆள், சட்டைப்பையில் எப்போதும் சுண்ணாம்புத் தூள். கிளியனூர்க்காரர். நான்கு தங்கைகளுக்குக் கல்யாணம் பண்ணி முடிப்பதற்குள் முப்பத்தெட்டு வயதாகிவிட்டது, தன் கல்யாணத்தைப் பற்றி யோசிக்க அவருக்கு நேரம் வாய்க்கவில்லை. கெங்கம்மாளுக்கு அவரை ஐந்து நாளாக முகப்பழக்கம். பேசியதில்லை.

"அது காப்பி இல்லீங்க சார். நான் நடத்துன பாடம்."

கூடத்தில் பேனாக்கள் நின்றன. தபால்வழி மாணவர்களுக்குத் திண்டிவனத்தில் ஞாயிறுதோறும் நேர்முக வகுப்பு எடுத்தவர் தான்தான் என்றும், டிரான்சிஸ்டர் உதாரணம் தன்னுடையது என்றும் அப்பாதுரை சொன்னார். எந்த மையத்துத் தாள் என்று ஒரு திருத்துபவர் வாய்விட்டுச் சொல்வதே குற்றம். சவுரிராயனுக்கு வியர்த்துவிட்டது. ஆனால் கெங்கம்மாள் அதைக் கவனிக்கவில்லை.

"அப்டின்னா பாடமே தப்புங்க" என்றாள்.

"தப்பு இல்லீங்க மேடம். நீங்க வெளிநாட்டுப் பணம் வர்ற கேட்ட தொறந்து வச்சிக்கினு பேசறீங்க. நான் அத மூடி வச்சிக்கினு பேசறேன்."

அப்பாதுரை கரும்பலகைக்கே போய்விட்டார். அவர் சொன்னதன் சாரம் இது. வெளிநாட்டுப் பணம் உள்ளே வரவும் வெளியே போகவும் தடை உள்ள நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ரோடு போடுகிறான், கூலிக்காரன் கையில் காசு புரள்கிறது. அவன் டிரான்சிஸ்டர் வாங்குகிறான், அதன் உறுப்புகள் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. மண்ணெண்ணெய் வாங்குகிறான், அதுவும் கப்பலில் வருகிறது. இதற்கெல்லாம் வெளிநாட்டு நாணயம் வேண்டும். வட்டி ஏறினாலும் வெளிப்பணம் வர வழியில்லை, ஆகவே வெளிநாட்டு நாணயத்துக்குத்தான் கிராக்கி, நம் நாணயம் இறங்குகிறது. இறங்கியதும் நம் மல்லாட்டை அவனுக்கு மலிவு. ஏற்றுமதி கூடுகிறது, இறக்குமதி மட்டுப்படுகிறது, வரவும் செலவும் நேராகும்வரை நாணயம் இறங்குகிறது. ஆகவே ரோட்டால் கூடிய உற்பத்தியை வெளிநாட்டு வியாபாரம் தின்றுவிடவில்லை. உற்பத்தி உயர்கிறது, நாணயம் குறைகிறது.

நம் ரூபாய் மிதக்கவே இல்லையே, ரிசர்வ் வங்கிதானே ஒரு கூடை நாணயங்களை வைத்து விலை கட்டுகிறது என்று கடைசி மேசையிலிருந்து யாரோ கேட்டார்கள். கேள்வி நம் நாட்டைப் பற்றியது இல்லை என்று இருவரும் ஒரே மூச்சில் சொன்னார்கள். அதற்குக் கூடமே சிரித்தது. கெங்கம்மாள் விடவில்லை. ஆஸ்திரேலியா 83 டிசம்பரிலேயே நாணயத்தை மிதக்கவிட்டது, நியூசிலாந்து 85 மார்ச்சில், அங்கெல்லாம் பணத்துக்குப் போட்டிருந்த தடைகளையும் எடுத்துவிட்டார்கள், உலகம் போகிற போக்கு அதுதான் என்றாள். அப்பாதுரை, தன் மாணவர்கள் திண்டிவனத்தில் படிக்கிறார்கள், சிட்னியில் இல்லை என்றார். சாப்பாட்டு மணி அடித்தது. இரண்டு பேரும் போகவில்லை. சவுரிராயன் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது கரும்பலகையில் இடமே இல்லை. அப்பாதுரையின் முழங்கைவரை சுண்ணாம்பு. கெங்கம்மாளின் புடவைத் தலைப்பிலும் சுண்ணாம்பு, அதை அவள் கவனித்திருக்கவில்லை. திங்கள்கிழமை காலை முடிவு சொல்கிறேன், அதுவரை அந்தக் கட்டை யாரும் தொடக் கூடாது என்று சொல்லி அவர் பீரோவைப் பூட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை கெங்கம்மாள் ஊருக்குப் போனாள். அண்ணன் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். வரப்பில் வேப்பமர நிழலில் உட்கார்ந்து ஒரு குச்சியால் மண்ணில் கோடு போட ஆரம்பித்தாள். மூன்று கோடு. ஒன்று சரக்குச் சந்தைக்கு, ஒன்று பணச் சந்தைக்கு, மூன்றாவது வெளிநாட்டு வரவுசெலவுக்கு. அவள் எப்போதும் மூன்றாவது கோட்டைப் படுக்கையாகத்தான் போடுவாள். பணம் தடையில்லாமல் ஓடிவருகிற நாட்டில் அது படுக்கையாகத்தான் இருக்கும், வட்டி ஒரு நூல் ஏறினாலும் பணம் கொட்டும். இப்போது அதை அழித்துவிட்டு, கேட்டை மூடிப் பார்த்தாள். கோடு எழுந்து செங்குத்தாக நின்றது. வட்டி எவ்வளவு ஏறினாலும் பணம் வராது என்றால் அப்படித்தானே நிற்க வேண்டும்? பிறகு அரசாங்கச் செலவைக் கூட்டினாள். சரக்குக் கோடு வலப்பக்கம் நகர்ந்தது. புதிய சந்திப்பு செங்குத்துக் கோட்டைத் தாண்டி விழுந்தது, வெளிநாட்டு வரவுசெலவில் பற்றாக்குறை. ஆகவே நாணயம் இறங்கியது. இறங்கியதும் செங்குத்துக் கோடு தானும் வலப்பக்கம் நகர்ந்தது, சரக்குக் கோடும் இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. மூன்றும் சந்தித்த இடம் பழைய இடத்துக்கு வலப்பக்கம்.

ஒல்லி மனிதர் சொன்னது சரி. அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை.

கெங்கம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. பத்து வருஷமாக ஒரே கோட்டைப் படுக்கையாகவே போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள், அது எழுந்து நிற்கக்கூடியது என்று தோன்றவே இல்லை. மல்லாட்டைச் செடிகளுக்கு நடுவில் தங்கச்சி தனியாக உட்கார்ந்து சிரிப்பதைப் பார்த்து முருகையன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். தலையில் ஈரத்துணியைப் போட்டு, பானையிலிருந்து கேப்பைக் கூழ் ஊற்றிக் கொடுத்தான்.

"இன்னாம்மா ஆச்சி? வெய்யில்ல குந்திக்கினு தானா சிரிச்சிக்கினு கீற."

அவள் சொன்னாள். ரோட்டையும் கூலியையும் கேட்டையும் மல்லாட்டை ஏற்றுமதியையும் அவனுக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். முருகையன் எட்டாவதோடு நின்றவன், ஆனால் மண்டிக்கு மூட்டை கொண்டுபோய் விலை பேசுகிறவன். வெளியூர் வியாபாரி வந்தால் விலை என்ன ஆகும், வராவிட்டால் என்ன ஆகும் என்று அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மண்ணில் இருந்த கோடுகளை அவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏரி மதகு மாதிரிதான. முழுசா தொறந்தா ஒரு கணக்கு, முழுசா மூடனா ஒரு கணக்கு. பாதி தூக்கி வச்சா இன்னா ஆவும்?"

கெங்கம்மாள் கூழ்ச் சொம்பைக் கீழே வைத்தாள். அதை அவள் யோசிக்கவில்லை. படுக்கையாக இருந்த கோடு செங்குத்தாக எழ வேண்டுமென்றால் நடுவில் எல்லாச் சாய்விலும் நின்றுதானே எழுந்திருக்கும்? மூன்றாவது கோட்டைச் சாய்த்துப் போட்டாள். பணச் சந்தைக் கோட்டைவிடச் சப்பையாகச் சாய்த்தால், வருகிற பணம் ஜெயிக்கிறது, நாணயம் ஏறுகிறது, ஆனால் உற்பத்தியும் கொஞ்சம் கூடுகிறது. அதைவிட நிமிர்த்திச் சாய்த்தால் டிரான்சிஸ்டர் ஜெயிக்கிறது, நாணயம் இறங்குகிறது, உற்பத்தி நன்றாகவே கூடுகிறது. அப்படியென்றால் நடுவில் ஒரு இடம் இருக்க வேண்டும். இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று படிகிற இடம். அங்கே வட்டிக்காக வருகிற பணமும், இறக்குமதிக்காகப் போகிற பணமும் சரிக்குச் சரி. அங்கே அரசாங்கம் எவ்வளவு செலவழித்தாலும் உற்பத்தி உயரும், நாணயம் அசையவே அசையாது.

குச்சியைக் கீழே போட்டாள். அவள் எழுந்து அண்ணனின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினாள். செடி பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். முருகையன் அவர்களைப் பார்த்து, அவள் பெரிய பரீட்சை ஏதோ பாஸ் பண்ணிவிட்டாள் என்று சமாளித்தான்.

திங்கள்கிழமை காலை அவள் நேராக விழுப்புரம் ஜங்ஷனுக்குப் போய் நின்றாள். அப்பாதுரை திண்டிவனம் பாசஞ்சரில்தான் தினமும் வருவார் என்று அமல்ராணி விசாரித்துச் சொல்லியிருந்தாள். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று எல்லா இடத்திலும் நின்று, வண்டி இருபது நிமிஷம் தாமதமாக வந்தது. கூட்டத்தில் அந்த உயரத்தைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. அவரும் அவளைப் பார்த்துவிட்டார், பார்த்ததும் அவருடைய முகம் தொங்கிப்போனது. அவள் வாயைத் திறப்பதற்குள் சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். அது சவுரிராயனுக்கு எழுதிய கடிதம். பதினான்காம் கேள்விக்குக் கெங்கம்மாள் அவர்களின் விடைக்குறிப்பே சரி என்றும், தான் வகுப்பில் நடத்தியது கேள்விக்குப் பொருந்தாது என்றும், மாணவர்கள்மேல் தப்பில்லை, தண்டனை எதுவானாலும் தனக்கே என்றும் எழுதியிருந்தார்.

கெங்கம்மாள் இரண்டு தடவை படித்தாள்.

"நேத்தி முழுக்க உக்காந்து பாத்தேன் மேடம். கேள்வியில 'சிறிய நாடு'ன்னு இருக்குது. உலக வட்டிய அது மாத்த முடியாதுன்றதுக்குதான் அந்த வார்த்தை. அப்ப பணம் தாராளமா வந்து போவுதுன்னுதான அர்த்தம். நான்தான் கவனிக்கல."

"இல்லவே இல்லீங்க" என்றாள் கெங்கம்மாள். "சின்ன நாடுன்னா உலக விலைய அசைக்க முடியாத நாடு. அவ்ளோதான். கேட்டு தொறந்துகீதா மூடிகீதான்னு கேள்வியில ஒரு வார்த்த இல்ல. உங்க பசங்க எழுதனது சரி."

அப்பாதுரைக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் ஒப்புக்கொள்ளவில்லை. பாடப்புத்தகத்தில் அந்த அத்தியாயமே பணம் தடையின்றி நகரும் நாட்டைப் பற்றியதுதான் என்றார். புத்தகத்தில் இருந்தால் கேள்வியில் எழுத வேண்டியதுதானே என்றாள் அவள். ஸ்டேஷனிலிருந்து கல்லூரிவரை நடந்தே போனார்கள். சனிக்கிழமை அவள் சொன்ன அத்தனையும் இப்போது அவர் வாயிலிருந்து வந்தது, அவர் சொன்ன அத்தனையும் அவள் வாயிலிருந்து வந்தது. டிரான்சிஸ்டரை அவள் பிடித்துக்கொண்டாள், சிட்னியை அவர் பிடித்துக்கொண்டார். ரயில்வே கேட்டில் நின்றபோது அவள் பாதி மதகைப் பற்றிச் சொன்னாள். இரண்டு கோடும் ஒன்றாகப் படிகிற இடத்தையும், அசையாத நாணயத்தையும் சொன்னாள். அப்பாதுரை அங்கேயே நின்றுவிட்டார். கேட் திறந்து, சைக்கிள்களும் மாட்டுவண்டிகளும் அவர்களைச் சுற்றிக்கொண்டு போயின. பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரன் அடித்து, பேஜார் பண்ணாதே என்று கத்தினான். அவர் காதில் விழவில்லை. உள்ளங்கையில் விரலால் மூன்று கோடு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத யாரு சொன்னது?" என்று கேட்டார்.

"எங்கண்ணன்."

"எந்த காலேஜ்ல இருக்கார்?"

அவள் நடுரோட்டில் நின்று சிரித்தாள். அவருக்குக் காரணம் தெரியாது, ஆனாலும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

சவுரிராயனின் அறையில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் சரி என்று நிரூபிக்க முயன்றதை அவர் கால்மணி நேரம் பொறுமையாகக் கேட்டார். சனிக்கிழமை இவர்களுக்குள் இருந்த சண்டை இன்னும் தீரவில்லை என்றும், பக்கம் மட்டும் மாறிக்கொண்டார்கள் என்றும் அவருக்கு மெதுவாகத்தான் புரிந்தது. கெங்கம்மாள் காப்பி புகாரைத் தானே திரும்பக் கேட்டு வாங்கி, அவர் முன்னாலேயே கிழித்தாள். தன் அவசரத்தால் முப்பத்தொரு பேரின் இரண்டு வருஷம் போயிருக்கும் என்று சொன்னபோது மட்டும் அவளுடைய குரல் தாழ்ந்தது. அந்த நிமிஷம் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"கேள்வி குறையா இருக்குது" என்றார் சவுரிராயன் கடைசியில். "பணம் வரலாமா கூடாதான்னு எது எழுதி, அதுக்கு ஒத்தாப்புல பதில் சொன்னாலும் சரின்னு வச்சி மார்க்கு போடுங்க. எல்லாத்தையும் மறுபடி திருத்துங்க. ஜல்தியா முடிங்க, புதன்கிழமை லாரி வருது."

எல்லாம் என்றால் ஏறக்குறைய தொள்ளாயிரம் தாள். கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது, ஆனால் பெரிதாக வளரவில்லை. அந்த இரண்டு நாளும் அந்தக் கூடத்தில் ஒரு திருவிழாக் கூத்து நடந்தது. மேசைக்கு மேசை கேட் திறப்பும் கேட் மூடலுமாகவே பேச்சு. ஐம்பது வயதுப் பேராசிரியர்கள் காகிதத்தைச் சாய்த்துப் பிடித்துக் கோடுகளைப் பார்த்தார்கள். காப்பி கொண்டுவந்த கேன்டீன்காரர்கூட, இந்த நாணயம் ஏறுமா இறங்குமா என்று கேட்டுவிட்டுத்தான் போனார். இருக்கட்டும் பார்க்கலாம் என்று யாரோ பதில் சொன்னார்கள்.

கெங்கம்மாள் முப்பத்தொரு தாளையும் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். சனிக்கிழமை முதல் பக்கத்தை மட்டும் பார்த்து முட்டை போட்டவள், இப்போது கடைசி வரிவரை படித்தாள். பலர் அப்பாதுரையின் பாடத்தை அப்படியே எழுதியிருந்தார்கள், பதினாறு, பதினேழு என்று போட்டாள். இருபத்தேழாவது தாளில் நின்றாள். நீல மசி, நெருக்கமான கையெழுத்து, அங்கங்கே எழுத்துப் பிழை. முதல் பக்கம் மற்றவர்களைப் போலவே இருந்தது. பக்கத்தைத் திருப்பினால் அந்த மாணவர், அல்லது மாணவி, மேலும் எழுதியிருந்தார்: வெளிநாட்டு மூலதனம் தாராளமாக வந்தால் இது தலைகீழாகும், நாணயம் உயரும், உற்பத்தி பழைய நிலைக்கே வரும். ஓரளவு மட்டும் வந்தால் இரண்டுக்கும் நடுவில் விடை இருக்கும். ஒரு குறிப்பிட்ட அளவில் நாணயம் மாறாமலும் போகலாம்.

அவள் பனமலைக் கொல்லையில் அண்ணன் கேட்டபிறகு கண்டுபிடித்ததை, மூன்று மணி நேரப் பரீட்சையில், எங்கோ ஒரு பள்ளிக்கூட வாத்தியாரோ, தபால் ஆபீஸ் குமாஸ்தாவோ, மூன்று வரியில் எழுதியிருக்கிறார். அதன் மேல் அவள் போட்ட சிவப்பு முட்டை இருந்தது. வெட்கம் முதலில் வந்தது, பிறகு அதையும் தூக்கிச் சாப்பிட்டுக்கொண்டு சந்தோஷம் வந்தது. முட்டையை அடித்து, பக்கத்தில் இருபது என்று எழுதி, கையெழுத்துப் போட்டாள். பத்து வருஷத்தில் அவள் ஒரு கட்டுரைக் கேள்விக்கு முழு மதிப்பெண் போட்டது அதுதான் முதல் தடவை. தாளை எடுத்துக்கொண்டு அப்பாதுரையின் மேசைக்குப் போனாள். அவர் படித்துவிட்டு, நான் இதை நடத்தவே இல்லையே என்றார். எண்ணைத் தவிர அந்தத் தாளில் வேறு அடையாளம் இல்லை. யாரென்று அவர்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

புதன்கிழமை லாரி வந்து தாள்களை ஏற்றிக்கொண்டு போனது. திருத்தும் முகாம் கலைந்தது. அப்பாதுரை பாசஞ்சருக்குக் கிளம்பியபோது கெங்கம்மாளும் அமல்ராணியும் ஸ்டேஷன்வரை வந்தார்கள். அமல்ராணிக்குத் திடீரென்று வாழைப்பழம் வாங்க வேண்டியிருந்தது, கடைக்குப் போனவள் அரைமணி நேரம் திரும்பவில்லை. அப்பாதுரை பிளாட்பாரத்து பெஞ்சில் கெங்கம்மாளுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார இடம் விட்டு உட்கார்ந்தார். தான் அடுத்த மாதமும் இந்த விஷயத்தைப் பற்றிப் பேச வரலாமா என்று கேட்டார். வரலாம் என்றாள். அதற்கடுத்த மாதம்? வரலாம் என்றாள்.

"எனக்கு சுத்தி வளச்சி பேச வராது" என்றார் அப்பாதுரை. "என் தங்கச்சிங்க நாலு பேரும் பொண்ணு பாத்துப் பாத்து அலுத்துப் பூட்டாங்க. நான் வந்து உங்கண்ணன கேக்கட்டுமா?"

"அண்ணன கேட்டா மதகப் பத்தி பேசுவாரு" என்றாள் கெங்கம்மாள். "என்னையே கேளுங்க."

அவர் கேட்டார். வண்டி வந்து நின்று, புறப்பட்டும் போய்விட்டது. அடுத்தது சாயங்காலம்தான். அதைப் பற்றி இரண்டு பேரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

88 தை மாதம் திண்டிவனம் ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் நடந்தது. கிளியனூரிலிருந்து நான்கு தங்கைகளும் குடும்பத்தோடு வந்தார்கள், பனமலையிலிருந்து ஒரு வேன். முருகையனை முதன்முதலாகப் பார்த்த சவுரிராயன், சார் எந்தத் துறை என்று கேட்டார். அவன் கொஞ்சம்கூடத் தயங்காமல் பாசனம் என்றான். கெங்கம்மாள் மாற்றல் கேட்டுத் திண்டிவனத்துக்கே வந்துவிட்டாள். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை நேர்முக வகுப்பில் அந்தப் பாடம் வரும்போது இரண்டு பேரும் சேர்ந்தே போனார்கள். முதல் மணியில் ஒருவர் கேட்டைத் திறந்துவைத்து நடத்துவார், இரண்டாம் மணியில் இன்னொருவர் அதை மூடி நடத்துவார். யார் எதை நடத்துவது என்று வீட்டிலிருந்து கிளம்பும்போது முடிவுசெய்வார்கள், நடந்து போகிற வழியில் மாற்றிக்கொள்வார்கள். கூட்டேரிப்பட்டிலிருந்தும் மயிலத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்த வாத்தியார்களும் குமாஸ்தாக்களும் பெஞ்சில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்து, புருஷனும் பெண்டாட்டியும் சுண்ணாம்புக் கட்டிக்குப் போட்டி போடுவதை, நோட்டில் எழுத மறந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.